அரை சிலிண்டர் மிச்சமா? இரண்டு தண்ணீர் கேன் சொன்ன கணக்கு!

மொட்டைமாடி லேப் - வாராந்தரத் தொடர்

"நாலு பேர் இருக்கிற வீடா? அப்படின்னா மாசத்துக்கு அரை சிலிண்டர் மிச்சம் சார். கிச்சன் குப்பையைப் போடுங்க, கேஸ் எடுத்துக்கங்க. அவ்ளோதான்!"

பயோகேஸ் தொட்டி விற்க வந்தவர் திருச்சியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இப்படிச் சொல்லிவிட்டுப் போனார். 1,000 லிட்டர் தொட்டி, அடுப்பு, குழாய் எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய். அப்பா போன வருடம்தான் ரிட்டயர் ஆனார். கையில் கொஞ்சம் பணம் இருந்தது, மனதில் நிறைய ஆர்வம் இருந்தது. அட்வான்ஸ் கொடுக்க ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்துவிட்டார்.

அம்மாதான் எனக்கு போன் போட்டார். "ஏன்டி, நம்ம வீட்டுல ஒரு நாளைக்கு விழுற காய்த்தோலை வெச்சு அரை சிலிண்டர் கேஸ் வருமா? நீதான் இதெல்லாம் எழுதுறியே, கேட்டுச் சொல்லேன்."

எனக்கும் தெரியவில்லை. வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற அத்தையிடம் கேட்டேன். "யார் கிட்டயும் கேக்காதே. ரெண்டு தண்ணி கேன் வாங்கு, அளந்து பாரு. மூணு மாசத்துல உங்க வீட்டுக் குப்பையே பதில் சொல்லும்" என்றார்.

அப்பா முதலில் முகம் சுளித்தார். பிறகு "28,000-க்கு முன்னாடி ஒரு 1,500 ரூபாய் செலவு பண்றது தப்பில்ல" என்று இறங்கிவந்தார். ஆடி மாதம் ஆரம்பித்தோம். அதன் கதைதான் இந்த வாரம்.

தொட்டி என்பது ஒரு வயிறு

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். கேஸ் தருவது தொட்டி அல்ல, அதில் போடும் கழிவு. தொட்டி ஒரு வயிறு மாதிரி. உள்ளே காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிரிகள் கழிவைச் செரித்து வாயுவாக மாற்றுகின்றன. அந்த வாயுவில் சுமார் 60 சதவிகிதம் மீத்தேன். எரிவது அதுதான். மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு.

இதில் இரண்டு கட்டம் இருக்கிறது. முதல் கூட்டம் கழிவை அமிலமாக்கும். இரண்டாவது கூட்டம் அந்த அமிலத்தைச் சாப்பிட்டு மீத்தேன் கொடுக்கும். முதல் கூட்டம் வேகம், இரண்டாவது கூட்டம் ரொம்ப நிதானம். இந்த வேக வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதும், எப்போது கெட்டுப்போகும் என்பதும் இதிலிருந்துதான் வருகிறது.

சாணம் இல்லாமல் உணவுக் கழிவை மட்டுமே போட்டு ஓடும் சின்னத் தொட்டியைப் பிரபலமாக்கியது புனேயில் உள்ள 'ஆர்ட்டி' நிறுவனம். அதை உருவாக்கிய ஆனந்த் கார்வேயின் குழுவுக்கு 2006-ல் இங்கிலாந்தின் ஆஷ்டன் விருது கிடைத்தது. ஆக, தொழில்நுட்பத்தில் சந்தேகம் இல்லை. எங்கள் சந்தேகம் எங்கள் வீட்டுக் குப்பையின் மேல்தான்.

கேனுக்கு எவ்வளவு சாப்பாடு?

டேப் வைத்த 20 லிட்டர் கேன் இரண்டு வாங்கினோம். அதில் 15 லிட்டர் வரைதான் கரைசல், மேலே 5 லிட்டர் வாயுவுக்கு.

இந்த 15 லிட்டர் வயிற்றுக்கு தினமும் எவ்வளவு போடலாம்? அத்தை இரண்டு கணக்கு சொல்லிக்கொடுத்தார்.

முதலாவது, சுமை. சமையலறைக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர். 1 கிலோவில் உண்மையில் செரிக்கக்கூடிய திடப்பொருள் சராசரியாக 200 கிராம்தான் இருக்கும். கலக்கும் மோட்டார் எதுவும் இல்லாத வீட்டுத் தொட்டியில், 1,000 லிட்டர் கரைசலுக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.5 கிலோ செரிக்கும் பொருள் வரை பாதுகாப்பு. எங்கள் 15 லிட்டருக்கு அது 15-லிருந்து 22 கிராம் வரும். 20 கிராம் என்று எடுத்துக்கொண்டால், ஈரக் கழிவாக 100 கிராம். கையளவுதான்!

இரண்டாவது, தங்கும் நாள். உள்ளே போனது செரித்து முடியும் முன்பே வெளியே போய்விடக் கூடாது. நம் ஊர் வெப்பநிலைக்கு 40-லிருந்து 50 நாள் தங்கினால் நல்லது. 100 கிராம் கழிவோடு 200 மி.லி. தண்ணீர் சேர்த்து அரைத்தால் சுமார் 300 மி.லி. கரைசல். 15 லிட்டரை 300 மி.லி-யால் வகுத்தால் 50 நாள். சரியாக இருக்கிறது.

எந்தத் தொட்டிக்கும் இந்த இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று மட்டும் சரியாக இருந்தால் போதாது. தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாக ஊற்றினால் தங்கும் நாள் கூடும், ஆனால் சுமை குறையாது. பலரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

அமைத்த விதம்

மூடியில் இரண்டு துளை. ஒன்றில் முக்கால் அங்குல பி.வி.சி. பைப். இது கேனின் அடிவரை இறங்கி, தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் நிற்கும். கழிவு ஊற்றும் வழி இது. பைப்பின் அடி எப்போதும் கரைசலுக்குள் மூழ்கியிருப்பதால் வாயு இந்த வழியாக வெளியேறாது. இன்னொரு துளையில் மீன் தொட்டிக்கு வாங்கும் மெல்லிய ட்யூப். வாயு போகும் வழி இது. இரண்டையும் சுற்றி எம்-சீல் வைத்து ஒரு நாள் காயவிட்டோம். பிறகு ட்யூபில் மெதுவாக ஊதி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தோம். ஓர் இடத்தில் குமிழ் வந்தது. மறுபடியும் எம்-சீல். இந்தச் சோதனையை விட்டுவிட்டால் பிறகு எடுக்கும் எந்த அளவுக்கும் அர்த்தம் இல்லை.

வெயிலில் பாசி பிடிக்காமல் இருக்க கேனைச் சுற்றிக் கறுப்புத் துணி. மேலே ஓலைக் கீற்று நிழல்.

உள்ளே 5 கிலோ புதுச் சாணம், 10 லிட்டர் தண்ணீர். நார், வைக்கோல் இல்லாமல் வடிகட்டி ஊற்றினோம். மீத்தேன் தரும் நுண்ணுயிரிகள் மாட்டின் வயிற்றில் ஏற்கெனவே இருப்பதால், சாணம்தான் இதற்கு உறைமோர்.

வாயுவை அளப்பது எப்படி?

பெரிய பெயின்ட் வாளியில் முக்கால்வாசித் தண்ணீர். அதற்குள் தாராளமாக ஏறி இறங்குகிற மாதிரி, வெளியிலிருந்தே உள்ளே தெரியும் 10 லிட்டர் வெள்ளை வாளியைக் கவிழ்த்து வைத்தோம். கவிழ்த்த வாளியின் மேல் பக்கம் ஒரு சின்ன நாசில், அதில் கேனிலிருந்து வரும் ட்யூப். வாயு வர வர வாளி மிதந்து மேலே ஏறும். கிராமத்து சாண எரிவாயுக் கலனில் இரும்பு டிரம் ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான். வாளி சாயாமல் இருக்க சுற்றிலும் மூன்று மூங்கில் குச்சி.

லிட்டர் கோடு போடுவது சுலபம். கவிழ்ப்பதற்கு முன், வாளியை நேராக வைத்து ஒவ்வொரு லிட்டராகத் தண்ணீர் ஊற்றி, நிற்கும் இடத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். கவிழ்த்த பிறகும் அதே கோடுகள் அப்படியே வாயுவின் லிட்டரைக் காட்டும். அளவு பார்க்கும்போது மட்டும் வாளியை லேசாகத் தூக்கி, உள்ளே இருக்கும் தண்ணீர் மட்டமும் வெளியே இருக்கும் மட்டமும் ஒன்றாகும்போது படிக்க வேண்டும். இல்லையென்றால் வாளியின் எடையே அளவைக் கொஞ்சம் குறைத்துக் காட்டும். வாளித் தண்ணீரில் இரண்டு கைப்பிடி கல்லுப்பும் கொஞ்சம் வினிகரும் போட்டோம். கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரையும். உப்பும் புளிப்பும் அந்தக் கரைசலைக் குறைக்கும்.

காலை 7 மணி, மாலை 7 மணி. அம்மா இரண்டு வேளையும் அளவைக் குறித்து, நாசிலைத் திறந்து வாயுவை வெளியேற்றி, வாளியை மறுபடி பூஜ்யத்துக்கு அழுத்தி வைப்பார். எண்கள் சென்னையில் இருக்கும் எனக்கு வாட்ஸ்அப்பில் வரும்.

பட்டினி கேன் எதற்கு?

இரண்டு கேன் என்று சொன்னேன் அல்லவா? இரண்டிலும் ஒரே அளவு சாணக் கரைசல். ஒன்றுக்கு மட்டும் தினமும் கழிவு. இன்னொன்றுக்கு அதே 300 மி.லி. அளவில் வெறும் தண்ணீர். ஊற்றுவதற்கு முன் இரண்டிலும் டேப்பைத் திறந்து 300 மி.லி. பழைய கரைசலை எடுத்துவிட வேண்டும். அம்மா இவற்றுக்கு வைத்த பெயர் 'சாப்பாட்டு கேன்', 'பட்டினி கேன்'.

முதலில் எனக்கு பட்டினி கேன் வெட்டி வேலையாகத்தான் பட்டது. நான்காவது வாரம்தான் அதன் அருமை புரிந்தது.

முதல் வாரம் வந்த வாயு எரியவே இல்லை. உள்ளே இருந்த காற்றும் கார்பன் டை ஆக்சைடும்தான் அது. இரண்டாவது வாரக் கடைசியில் நீலமாக எரிந்தது. அதற்குப் பிறகுதான் கழிவு போட ஆரம்பித்தோம். மூன்றாவது வாரம் தினமும் 25 கிராம், நான்காவது வாரம் 50 கிராம்.

நான்காவது வாரம் சாப்பாட்டு கேனிலிருந்து ஒரு நாளைக்கு 7 லிட்டர் வந்தது. நான் ஆபீஸிலேயே துள்ளிக் குதித்தேன். 50 கிராமுக்கு 7 லிட்டர் என்றால் ஒரு கிலோவுக்கு 140 லிட்டர்! அப்பாவிடம் சொன்னதும், "அப்ப அட்வான்ஸ் குடுத்துடட்டுமா?" என்றார்.

அத்தை ஒரே கேள்விதான் கேட்டார். "பட்டினி கேன்ல எவ்ளோ?"

4 லிட்டர்!

அதாவது 7 லிட்டரில் 4 லிட்டர் சாணம் கொடுத்தது. எங்கள் கழிவு கொடுத்தது 3 லிட்டர்தான். கிலோவுக்கு 60 லிட்டர். பாதிகூட இல்லை. தொட்டி வைத்த முதல் மாதம் எல்லாருக்கும் அடுப்பு ஜோராக எரிவதற்கும், மூன்றாவது மாதம் "என்னமோ தெரியல, குறைஞ்சுபோச்சு" என்று சொல்வதற்கும் காரணம் இதுதான். முதலில் எரிவது மாட்டுக்குச் சொந்தமான கேஸ். அது தீர்ந்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் வீட்டு கேஸ்.

வளைகாப்பு சோறும் புளித்த வயிறும்

ஐந்தாவது வாரம், ஆவணியில் சித்தி பெண்ணுக்கு வளைகாப்பு. ஐந்து வகைச் சாதம் மீந்துபோனது. "கொட்டுறதுக்கு இதுக்காவது போடலாம்" என்று அப்பா 400 கிராம் சோற்றை அரைத்து ஒரே நேரத்தில் ஊற்றிவிட்டார்.

மறுநாள் காலையே வாளி முட்டி நின்றது. அம்மா அனுப்பிய எண் 10 லிட்டர், அதுவும் பாதி நாளில். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால், அந்த வாயுவைப் பற்றவைத்தபோது தீக்குச்சிதான் அணைந்தது.

இதைத்தான் முதலில் சொன்னேன். அமிலம் செய்யும் கூட்டம் சோற்றைக் கண்டதும் வேகமாக வேலை செய்துவிட்டது. அப்போது குபுகுபுவென்று வருவது கார்பன் டை ஆக்சைடு. நிதானமான மீத்தேன் கூட்டத்தால் அவ்வளவு அமிலத்தைச் சாப்பிட முடியவில்லை. அமிலம் ஏற ஏற அதற்கு வேலை செய்யும் தெம்பும் போனது. டேப்பில் எடுத்த கரைசல் மூன்று நாள் வெளியே கிடந்த தோசை மாவு மாதிரி புளித்த வாடை அடித்தது. பி.ஹெச். தாளை நனைத்துப் பார்த்தால் 5.8. ஆரோக்கியமான தொட்டியில் இது 6.8-லிருந்து 7.5-க்குள் இருக்க வேண்டும்.

ஆகவே, வாயு அதிகம் வருகிறது என்பது நல்ல செய்தி என்று நினைக்காதீர்கள். அளவு திடீரென்று ஏறி, நெருப்பு பலவீனமானால் தொட்டிக்கு அஜீரணம் என்று அர்த்தம். வாயு முழுதாக நிற்பது அதற்கு அடுத்த கட்டம்.

வைத்தியமும் நம் வயிற்றுக்குச் செய்வதுதான். பட்டினி போட வேண்டும். ஒன்பது நாள் கழிவு எதுவும் போடவில்லை. முதல் மூன்று நாள் தினமும் ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினோம். ஒரு சொம்பு புதுச் சாணக் கரைசலும் ஊற்றினோம். பி.ஹெச். 7-ஐத் தொட்டு, சுடர் நீலமான பிறகு 50 கிராமிலிருந்து மறுபடி ஆரம்பம். அந்த ஒரு வேளைச் சோறு எங்களுக்கு மூன்று வாரத்தைத் தின்றுவிட்டது.

அம்மா அதற்குப் பிறகு கேன் பக்கத்தில் சமையலறைத் தராசைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் போடுவதையும் நிறுத்தினார். அந்தத் தோலில் இருக்கும் எண்ணெய் நுண்ணுயிரிகளுக்கு ஆகாது. முருங்கைச் சக்கை, தேங்காய் நார், எலும்பு, முட்டை ஓடு ஆகியவை செரிக்காமல் அடியில் தங்கி இடத்தை அடைக்கும். அவையும் வெளியே.

கடைசி இரண்டு வாரம்

புரட்டாசியில் தினமும் 100 கிராம் என்ற அளவில் கேன் நிலைத்துவிட்டது. நாளுக்கு நாள் வாயு அளவு பெரிதாக மாறாமல் இருந்த இரண்டு வாரத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டோம்.

சாப்பாட்டு கேன்: சராசரி 8 லிட்டர்.
பட்டினி கேன்: சராசரி 0.8 லிட்டர்.
கழிவு கொடுத்தது: 7.2 லிட்டர்.

100 கிராமுக்கு 7.2 என்றால் ஒரு கிலோவுக்கு 72 லிட்டர். எங்கள் வீட்டுக் கழிவில் வாழைக்காய்த் தோல், கீரைத் தண்டு, பூசணி, தர்பூசணி எனத் தண்ணீர்ச் சத்துள்ளவை அதிகம். சோறு, சப்பாத்தி, மாவு அதிகம் இருந்தால் இந்த எண் 100-ஐத் தாண்டும். அதனால்தான் ஊர் வீட்டுக்கு ஊர் வீடு இது மாறும். அடுத்த வீட்டுக் கணக்கு நமக்கு உதவாது.

இதற்கு நடுவே 14 நாள் வீட்டுக் கழிவைத் தராசில் எடை போட்டோம். போடக்கூடாதவற்றை நீக்கிய பிறகு, ஒரு நாளைக்கு சராசரி 800 கிராம்.

இப்போது விற்பவர் சொன்ன அரை சிலிண்டருக்கு வருவோம்.

800 கிராமுக்கு 58 லிட்டர் வாயு. சின்ன பயோகேஸ் பர்னர் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 225 லிட்டர் குடிக்கும். அப்படியானால் எங்களுக்குக் கிடைப்பது ஒரு நாளைக்கு 15 நிமிட அடுப்பு. காலை காபிக்குப் பால் காய்ச்சி, ஒரு ரசம் வைக்கலாம்.

சிலிண்டர் கணக்கில் பார்ப்போம். 1,000 லிட்டர் பயோகேஸ் என்பது சுமார் 450 கிராம் சமையல் கேஸுக்குச் சமம். எங்கள் 58 லிட்டர் 26 கிராமுக்குச் சமம். எங்கள் வீட்டில் 14.2 கிலோ சிலிண்டர் 38 நாள் வருகிறது. அதாவது ஒரு நாளைக்கு 374 கிராம் செலவு. அதில் 26 கிராம் மிச்சமானால் சிலிண்டர் 41 நாள் வரும்.

அரை சிலிண்டர் இல்லை. மூன்று நாள்!

அப்பா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப அந்த ஆளு பொய் சொன்னாரா?" என்றார்.

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. தினமும் அரைப் பங்கு கேஸ் மிச்சமாக வேண்டுமானால் எங்கள் கழிவில் கிட்டத்தட்ட 6 கிலோ வேண்டும். அவர் காட்டிய 1,000 லிட்டர் தொட்டி அந்த 6 கிலோவைத் தாராளமாகச் செரிக்கும். தொட்டி அரை சிலிண்டருக்கு ஏற்ற தொட்டிதான். அதற்குச் சாப்பாடு போட எங்கள் வீட்டில் ஆள் இல்லை. ஏழு குடும்பத்துக் கழிவு வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு எந்த அளவு?

கேனில் 100 கிராமுக்கு 15 லிட்டர் சரியாக வேலை செய்தது. எனவே ஒரு கிலோவுக்கு 150 லிட்டர். 800 கிராமுக்கு 120 லிட்டர் கரைசல். தங்கும் நாளைச் சரிபார்த்தால், 800 கிராமோடு 1.6 லிட்டர் தண்ணீர் சேர்த்து தினமும் 2.4 லிட்டர். 120-ஐ 2.4-ஆல் வகுத்தால் அதே 50 நாள். விருந்தாளி வரும் நாளுக்குக் கொஞ்சம் இடம் விட்டு, 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று போதும்.

வாயு சேமிக்கும் டிரம் எவ்வளவு? வாயு ராத்திரி பகலாக ஊறிக்கொண்டே இருக்கும். நாம் எரிப்பது காலையில் ஒரே ஒரு தடவை. ஆகவே ஒரு முழு நாள் வாயு தங்க இடம் வேண்டும். எங்களுக்கு 60 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். மார்கழிக் குளிரில் வாயு இதைவிடக் குறையும். நாங்கள் அளந்தது புரட்டாசிச் சூட்டில் என்பதையும் மறக்கக் கூடாது.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. கேன் பக்கத்திலோ, வாளியின் நாசிலிலோ நேரடியாகத் தீக்குச்சி வைக்காதீர்கள். உள்ளே காற்று கலந்திருந்தால் நெருப்பு ட்யூப் வழியாக உள்ளே ஓடும். நாங்கள் வாயுவை ஒரு பலூனில் பிடித்து, மாடியின் மறு மூலைக்குக் கொண்டுபோய், நீளக் குச்சியின் நுனியில் தீ வைத்துத்தான் பார்த்தோம். முதல் இரண்டு வாளி வாயுவைச் சோதிக்காமலே வெளியே விட்டுவிடுங்கள். இரண்டாவது, பிள்ளைகள் இதைப் பள்ளி ப்ராஜெக்ட்டாகச் செய்தால் தீச் சோதனையில் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

பிறகு என்ன ஆனது?

அப்பா 28,000 ரூபாய்த் தொட்டியை வாங்கவில்லை. பழைய 200 லிட்டர் டிரம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார். "பால் காய்ச்ச கேஸ் வந்தா போதும். மிச்சக் கரைசலை உங்கம்மா கத்தரிச் செடிக்கு ஊத்திக்கிடுவா" என்கிறார். டேப்பில் தினமும் எடுத்த கரைசலில் பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றியதில் மாடியில் அந்தச் செடி நன்றாகவே வந்திருக்கிறது.

கதை அதோடு முடியவில்லை. அப்பாவின் நண்பர் ஒருவர் பக்கத்துத் தெருவில் மெஸ் நடத்துகிறார். எங்கள் கணக்கைப் பார்த்துவிட்டு, "என் கடையில தினம் ஆறு கிலோ மீறும் தம்பி, பூரா சோறும் காயும்" என்றாராம். அவருக்கு அந்த 1,000 லிட்டர் தொட்டி பொருந்தலாம். ஆனால், சோறு காய்த்தோலைவிடக் கனமான சாப்பாடு. அதே எடையில் செரிக்கும் பொருள் அதிகம் என்பதால் கிலோவுக்கு 150 லிட்டர் அங்கே போதாமல் போகலாம். எங்கள் வளைகாப்புப் பாடம் அவருக்கும் நடக்கக் கூடாது இல்லையா?

எங்கள் இரண்டு கேனும் இப்போது அவர் மெஸ் மாடியில் இருக்கின்றன. புதுச் சாணம், புதுக் கணக்கு. சாப்பாட்டு கேனுக்கு 100 கிராம் வேண்டாம், 60 கிராமோடு நிறுத்துங்கள் என்று அத்தை சொல்லியிருக்கிறார். அம்மா தன் பங்குக்கு இன்னொன்றும் சொல்லி அனுப்பினார்:

"பட்டினி கேனுக்குத் தண்ணி ஊத்த மறந்துடாதீங்கண்ணே. உண்மையைச் சொல்றது அதுதான்."

(அடுத்த வாரம் மாடியில் சந்திப்போம்!)